ஏழாம் தேதி மாலை வரும் புகார்: புதிதாக ஹெச்.ஆர். வேலைக்கு வந்தவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் ஹெச்.ஆர். வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் பார்க்கும் புகார் பெரும்பாலும் சம்பளச் சிலிப்போடுதான் வரும். ஏழாம் தேதி சம்பளம், அன்று மாலையே டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு அக்கா நிற்பார். "சார், போன மாசம் ஓ.டி. கம்மியா கீது. பாத்து சொல்லுங்க." டைம் ஆபீஸ்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஓ.டி. சிலிப் வந்ததுக்குப் போட்டாச்சும்மா, உங்க சூப்பர்வைசரைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுவார். பல புகார்கள் அந்த ஜன்னலிலேயே முடிந்துவிடும். முடியாதவை நான்கு நாள் கழித்து, இன்னும் இரண்டு விஷயங்களைக் கூடச் சேர்த்துக்கொண்டு, எழுத்தில் உங்கள் மேசைக்கு வரும்.

அப்படி வந்த ஒன்றை முதல் நாளிலிருந்து கோப்பு மூடும் நாள் வரை எடுத்துப் போவது எப்படி என்று ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கும் வரிசையும் நடப்பது போலவே இருக்கும்.

அக்கா அப்பர் தையல் லைனில் ஆறு வருடமாக வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 13,000 ரூபாய். காலை 8 முதல் மாலை 5 வரை ஷிப்ட், இடையில் ஒரு மணி நேரம் இடைவேளை. ஓ.டி. இருந்தால் 7 மணி வரை. கம்பெனி பஸ் 5.15-க்கு ஒன்று, 7.15-க்கு ஒன்று. ஜனவரியில் 11 நாள் ஓ.டி. பார்த்ததாக அவர் சொல்கிறார், அதாவது 22 மணி நேரம். சம்பளச் சிலிப்பில் வந்தது 10 மணி நேரம். பிப்ரவரி 7-ஆம் தேதி சூப்பர்வைசரிடம் கேட்டார். 9-ஆம் தேதி அவரை மெஷினிலிருந்து எடுத்துப் பேஸ்டிங் டேபிளில் போட்டார்கள். 11-ஆம் தேதி ஒன்றரைப் பக்கப் புகார் வந்தது.

வாங்கும்போதே செய்ய வேண்டியது

புகாரை வாங்கியதும் தேதி, நேரம் போட்டு நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020, சென்ற 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி 20 தொழிலாளர்களுக்குக் குறையாமல் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். மனு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் குழு முடிக்க வேண்டும். பழைய 1947 சட்டத்தில் இது 45 நாளாக இருந்தது. பல கம்பெனிகளின் நோட்டீஸ் போர்டில் இன்னும் அந்த 45 தான் தொங்குகிறது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கணக்கில் பிப்ரவரி 11-லிருந்து எண்ணினால் மார்ச் 13 கடைசி நாள். அதைக் கோப்பின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

மனு கொடுக்கத் தொழிலாளருக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. "போன மாசக் கணக்கை இப்ப வந்து கேக்குறீங்களே" என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

அடுத்து, இது உங்கள் குழுவுக்கு வர வேண்டிய புகார்தானா என்று பார்க்க வேண்டும். நம் புகாரில் ஒரு வரி இப்படி இருந்தது: "சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்னை ஒரு மாதிரி பேசினார்." புதிதாக வருகிறவர்கள் இந்த வரியை அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். 'ஒரு மாதிரி' என்பதற்குள் எதுவும் இருக்கலாம். பாலியல் ரீதியான பேச்சாகவோ சீண்டலாகவோ இருந்தால் அதைக் குறைதீர்க்கும் குழு தொடவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவிடம் அது போக வேண்டும். அங்கே புகார் கொடுக்கும் காலமும் சுருக்கம், மூன்று மாதம்தான். அதனால் அன்றே ஒரு பெண் அதிகாரி தனி அறையில் உட்கார வைத்து, "என்ன வார்த்தை சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்கக்கா" என்று கேட்க வேண்டும். இங்கே அக்கா சொன்னது: "கணக்கு கேக்குறவங்களுக்கு மெஷின் எதுக்குன்னாரு." அது பாலியல் விஷயம் இல்லை. ஆனால் வேறு விதத்தில் முக்கியமான வாக்கியம். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'மரியாதைக் குறைவாகப் பேசினார்' என்று நீங்கள் நாகரிகமாக மாற்றி எழுதினால் ஆதாரம் போய்விடும்.

எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நம் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் நிறைய. லைனில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. வாசித்துக் காட்டியவர் யார், எந்த மொழியில் என்பதையும் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

புகாரைக் கேள்வியாக மாற்றுவது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒன்றரைப் பக்கப் புகாரில் கோபம், பழைய கதை, பக்கத்து லைன் விஷயம் எல்லாம் கலந்திருக்கும். அதிலிருந்து ஆம், இல்லை என்றோ, இத்தனை ரூபாய் என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்விகளைப் பிரித்தெடுக்க வேண்டும். இந்தப் புகாரில் இரண்டு கேள்விகள் கிடைத்தன:

1. ஜனவரியில் குறிப்பிட்ட ஆறு நாட்களில் தலா 2 மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம் ஓ.டி. வேலை நடந்ததா? நடந்திருந்தால் எவ்வளவு பாக்கி?
2. பிப்ரவரி 9 அன்று பேஸ்டிங் டேபிளுக்கு மாற்றியது வேலைத் தேவைக்காகவா, கணக்குக் கேட்டதற்காகவா?

இதை அக்காவிடம் காட்டி, "நீங்க கேக்குறது இதுதானே, விட்டுப்போனது ஏதாவது இருக்கா?" என்று கேட்டு அதிலும் கையெழுத்து வாங்கினோம். அவர் இன்னொன்று சேர்த்தார்: "எனக்கு மெஷின் திரும்ப வேணும்." அது கேள்வி இல்லை, நிவாரணம். அதைத் தனியாக எழுதினோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நான் இதைச் செய்யவில்லை. முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இதே போன்ற புகார். எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன், டீ குடித்தோம், சிரித்துக்கொண்டே போனார்கள். பதிவேட்டில் 'பேசித் தீர்க்கப்பட்டது' என்று எழுதினேன். ஐந்து மாதம் கழித்து விஷயம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போனது. அவர் என் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பேசினீங்க, என்ன தீர்ந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொழிலாளியும் நானும் அதே கூட்டத்தை இரண்டு விதமாக நினைவு வைத்திருந்தோம்.

காகிதம் முதலில், ஆள் பிறகு

புகார் வந்த அன்றோ மறுநாளோ ஆவணங்களின் நகலை எடுத்துவிட வேண்டும். விசாரணை என்ற செய்தி லைனுக்குப் போன பிறகு நோட்டுகளில் புது வரிகள் முளைக்கும். நாங்கள் எடுத்தவை: பஞ்ச் விவரம், ஓ.டி. சிலிப்புகள், லைனில் இருக்கும் நீள நோட்டு, மணிக்கு மணி உற்பத்தி எழுதும் பலகையின் பதிவு, மெக்கானிக்கின் ரிப்பேர் நோட்டு, எந்த மெஷினில் யார் தைத்தார் என்று காட்டும் பண்டில் கார்டுகள்.

பஞ்ச் விவரத்தில் 11 நாளும் 7.05-ஐ ஒட்டி வெளியே போனதாக இருந்தது. இதைப் பார்த்ததும் 'அக்கா சொன்னது சரி, கொடுத்துவிடலாம்' என்று முடிப்பதும் தவறு, 'சிலிப் இல்லை, அதனால் இல்லை' என்று முடிப்பதும் தவறு. பஞ்ச் காட்டுவது அவர் கேட்டைத் தாண்டிய நேரத்தை. சிலிப் காட்டுவது சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டதை. வேலை நடந்ததா என்பதற்கு இரண்டுக்கும் நடுவில் தேட வேண்டும்.

சிலிப் இருந்த 5 நாளுக்குப் பணம் போய்விட்டது. மீதி ஆறில் நான்கு நாள், சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்ட நாட்கள். அவருக்குப் பதில் நின்ற பையனுக்கு சிலிப் போடத் தெரியாது. லைன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஓ.டி. நின்றவர்களின் பெயரை வரிசையாக எழுதி வைத்திருந்தான். உற்பத்திப் பலகையிலும் அந்த நாட்களில் 5 முதல் 7 வரை ஜோடிகள் ஏறியிருக்கின்றன. ஆக, நான்கு நாளும் வேலை நடந்தது உறுதி.

மற்ற இரண்டு நாள்தான் சிக்கல். பலகையில் இரண்டு நாளும் 5 மணிக்கு மேல் பூஜ்யம். ஒரு நாள் கட்டிங்கிலிருந்து பீஸ் வரத் தாமதம். "வந்துரும், இருங்க" என்று நிறுத்தி வைத்து, 5.40-க்கு "இன்னிக்கு இல்ல, விடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் அந்த நேரத்தோடு குறிப்பு இருந்தது. அதற்குள் 5.15 பஸ் போய்விட்டது. இன்னொரு நாள் ஓ.டி. என்று யாரும் சொன்னதாகவே பதிவு இல்லை, லைனில் வேறு யாரும் நிற்கவும் இல்லை.

ஆட்களிடம் கேட்பது

லைன் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். டீ இடைவேளையை ஒட்டி ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். சூப்பர்வைசரைக் கடைசியில் கூப்பிடுவதுதான் என் வழக்கம். காகிதமும் சாட்சியும் கையில் இல்லாமல் அவரிடம் போனால், அவர் சொல்வதைச் சோதிக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பக்கத்து மெஷினில் இருந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டோம். "அன்னிக்கு அவரு என்ன சொன்னாரு?" என்று மட்டும். 'மெஷின் எதுக்குன்னு சொன்னாரா?' என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டுவதாகிவிடும். ஒருவர் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார், மெஷின் சத்தத்தில் அது நியாயம்தான். இன்னொருவர் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சொன்னார். இரண்டையும் எழுதினோம்.

பிறகு சூப்பர்வைசர். அவருக்குப் புகாரின் சாரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, இரண்டு நாள் அவகாசமும் கொடுத்தோம். கேள்வி திறந்த கேள்வி: "9-ஆம் தேதி அவங்களை ஏன் மாத்தினீங்க?"

"மெஷின் ரிப்பேர் சார். சும்மா உக்கார வைக்க முடியுமா?"

எழுதிக்கொண்ட பிறகுதான் ரிப்பேர் நோட்டைக் காட்டினோம். அந்த மெஷின் மெக்கானிக்கிடம் போனது 12-ஆம் தேதி. சூப்பர்வைசர் சொன்னார்: "9-ஆம் தேதியே மக்கர் பண்ணுச்சு, மெக்கானிக் லேட்டா எழுதிட்டாரு." நடக்காத விஷயம் இல்லை, அதனால் அதையும் சோதித்தோம். 10, 11 தேதிகளின் பண்டில் கார்டில் அதே மெஷினில் வேறொரு பெண் முழு நாளும் தைத்திருக்கிறார். அதைக் காட்டியபோது சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. 'பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அவர் முகம் எப்படி இருந்தது, தலை குனிந்தாரா என்பதெல்லாம் அறிக்கைக்கு வேண்டாம்.

குழுவில்

குழுவில் நிர்வாகம், தொழிலாளர் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. மொத்தம் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது. பெண் தொழிலாளர்கள் மொத்தத்தில் எவ்வளவு பங்கோ, குழுவிலும் பெண்கள் அந்தப் பங்குக்குக் குறையக்கூடாது. நம் ஷூ கம்பெனிகளில் தையல் லைன் முழுக்கப் பெண்கள் என்பதால், ஒரே ஒரு பெண் உறுப்பினரைப் பேருக்கு வைத்த குழு சட்டத்துக்குப் பொருந்தாது. முடிவு பெரும்பான்மையால். ஆனால் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழு எந்த முடிவும் எடுக்கவில்லை என்றே அர்த்தம். நிர்வாகத் தரப்பு மூன்று பேரும் ஒரு தொழிலாளரும் சேர்ந்து நான்குக்கு இரண்டு என்று ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் அங்கே முடிவே இல்லை.

எங்கள் குழு ஆறு பேர். பிப்ரவரி 24-இல் கூடியது. நான்கு நாள் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 5.40 வரை நிறுத்தி வைத்த நாளுக்கு நிர்வாகத் தரப்பில் ஒருவர் "உற்பத்தியே இல்லையே" என்றார். இரு என்று கம்பெனி சொல்லி இருந்தால் அது கம்பெனியின் நேரம் என்பது என் கருத்து, அதைச் சொன்னேன். 40 நிமிடத்தை ஒரு மணியாக எடுப்பது அங்கே வழக்கம், அதையே எடுத்தார்கள். ஆறாவது நாளைப் பற்றித் தொழிலாளர் தரப்பு உறுப்பினர் ஒருவரே விஷயத்தை உடைத்தார். அக்காவின் தங்கை, தைத்த அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறார். அன்று லாஸ்டிங்குக்கு மட்டும் ஓ.டி. இருவரும் பேரணாம்பட்டு பக்கம் ஒரே ஊர், இருட்டில் தங்கை தனியாகப் போக வேண்டாம் என்று இவர் காத்திருந்திருக்கிறார். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஆமா, அன்னிக்குத் தேதி கொழம்பிடுச்சு" என்றார். பொய் சொன்னதாக எங்கேயும் எழுதவில்லை. 11 நாளை ஞாபகத்திலிருந்து எழுதும்போது ஒரு நாள் பிசகுவது சகஜம். தொழிலாளர் தரப்பில் ஒருவர் மட்டும், அன்றைக்கும் கொடுக்கலாம் என்று மாற்றுக் கருத்து சொன்னார். அதுவும் பதிவானது. மற்ற இருவர் ஒத்துக்கொண்டதால் முடிவு செல்லும்.

கணக்கு இவ்வளவுதான்: 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. எட்டால் வகுத்தால் மணிக்கு 62.50. ஓ.டி. இரட்டிப்பு, 125. நான்கு நாளுக்கு 8 மணி, நிறுத்தி வைத்த நாளுக்கு 1 மணி. ஒன்பது மணிக்கு 1,125 ரூபாய். கேட்டது 1,500.

முடிவை எழுதுவது

முடிவுக் கடிதத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எதைப் பார்த்தோம், என்ன கண்டோம், என்ன செய்வோம், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று இருக்க வேண்டும். நாங்கள் அனுப்பியதன் நடுப்பகுதி:

> கேள்வி 1: ஆறு நாட்களில் நான்கு நாட்கள் ஓ.டி. வேலை நடந்தது லைன் நோட்டாலும் உற்பத்திப் பதிவாலும் உறுதியாகிறது. ஐந்தாவது நாள் தாங்கள் 5.40 வரை நிறுத்தி வைக்கப்பட்டதால் 1 மணி நேரம் ஏற்கப்படுகிறது. ஆறாவது நாளில் தங்கள் லைனுக்கு ஓ.டி. அறிவிக்கப்படவில்லை, தாங்களும் அதை உறுதிசெய்தீர்கள், எனவே ஏற்கப்படவில்லை. 9 மணி நேரத்துக்கு ரூ. 1,125 பிப்ரவரி மாதச் சம்பளத்துடன் மார்ச் 7-க்குள் வழங்கப்படும். பொறுப்பு: டைம் ஆபீஸ்.
>
> கேள்வி 2: மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தை ரிப்பேர் நோட்டும் பண்டில் கார்டுகளும் ஆதரிக்கவில்லை. தாங்கள் கணக்குக் கேட்டதைத் தொடர்ந்தே மாற்றம் நடந்தது எனக் குழு கருதுகிறது. பிப்ரவரி 27 முதல் தாங்கள் தையல் மெஷினுக்குத் திரும்பலாம். பொறுப்பு: உற்பத்தி மேலாளர்.

ஏற்காததற்கும் காரணம் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்த வரி இல்லாமல் பணம் மட்டும் குறைந்து வந்தால், மறுபடி ஏழாம் தேதி ஜன்னலில் வந்து நிற்பார். நிற்பதும் நியாயம்.

கடிதத்தின் கடைசியில், முடிவில் திருப்தி இல்லையென்றால் அது கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் மூலம் சமரச அலுவலரிடம் போகலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். சில மேலாளர்கள் "நாமளே வழி காட்டணுமா?" என்பார்கள். சொல்லாவிட்டாலும் சங்கத்துக்குத் தெரியும். மறைத்தீர்கள் என்ற பேர்தான் மிஞ்சும்.

சூப்பர்வைசர் மீது என்ன நடவடிக்கை என்பது இந்தக் கடிதத்தில் வரக்கூடாது. அதை இந்தக் குழு முடிவு செய்யவும் முடியாது. அவருக்குத் தனியாக விளக்கம் கேட்கும் கடிதம், தனிக் கோப்பு, அவருக்கும் பதில் சொல்லும் வாய்ப்பு. அக்கா கேட்டால், "அது தனியா நடக்குதுக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று விட்டுப்போகும். லைன் நோட்டின் அந்தக் கடைசிப் பக்கங்களில் அக்காவின் பெயர் மட்டும் இல்லை, இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை. அவர்களுக்கும் அதே சம்பளத்தில் பாக்கியைப் போடச் சொல்லித் தனிக் குறிப்பு அனுப்பினோம். பதிலுக்கு நிற்பவருக்கு ஓ.டி. சிலிப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி.

கோப்பை மூடுவதற்கு முன்

முடிவு கொடுத்த நாளில் கோப்பு மூடாது. எங்கள் குறைப் பதிவேட்டில் 'முடிவு தேதி' என்ற கட்டத்துக்கு அடுத்து 'நிறைவேறிய தேதி' என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறோம். பிப்ரவரி 27 காலை லைனுக்குப் போய் அக்கா மெஷினில் இருப்பதைப் பார்த்தேன். மார்ச் 7 மாலை சம்பளச் சிலிப்பை வாங்கிப் பார்த்தேன். 1,125 அந்த மாத ஓ.டி.யோடு சேர்ந்து ஒரே தொகையாக வந்திருந்தது. "சார், இதுல எது அது?" என்றார் அக்கா. எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. டைம் ஆபீஸில் சொல்லி 'ஜனவரி ஓ.டி. பாக்கி 9 மணி' என்று தனி வரியாக மாற்றி அச்சடித்த சிலிப் 9-ஆம் தேதி வந்தது. அதன் நகலில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு 'நிறைவேறிய தேதி' கட்டத்தில் மார்ச் 9 என்று எழுதினேன். ஏப்ரல் ஏழாம் தேதிக்கு டைரியில் இன்னொரு குறிப்பு வைத்திருக்கிறேன்: பண்டில் கார்டில் அந்த மெஷின் எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க.